தக்காளி "3 கிலோ 100" என்று விற்றால் ஒரு கிலோவுக்கு என்ன விலை?

கேள்வி: வாரச் சந்தையில் தக்காளி "3 கிலோ 100"னு அட்டை வெச்சு விக்கிறேன். ஒரு கிலோ கேட்டா 33.33 வருது. 30 சொல்றதா, 35 சொல்றதா? இந்த ரெண்டு மூணு ரூபாயில லாபம் அப்படி என்ன மாறிடும்?

35 சொல்லுங்கள். அரை கிலோ 20, கால் கிலோ 10. ஏன் என்று நான் போட்ட கணக்கையே தருகிறேன். அம்மாவும் நானும் திண்டுக்கல் பக்கம் தக்காளிக் கடை போடுகிறோம், சரக்கு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் எடுப்பது.

ஒரு நாளைக்கு 4 பெட்டி எடுக்கிறோம் என்று வையுங்கள். பெட்டிக்கு 15 கிலோ, விலை 330. நாலு பெட்டிக்கு 1,320 ரூபாய். ஏற்று கூலி, வண்டி வாடகை 180. ஆக 1,500 ரூபாய்க்கு 60 கிலோ, கிலோ 25 ரூபாய். பலரும் கணக்கை இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். பெட்டியைக் கொட்டிப் பொறுக்கினால் அடியில் நசுங்கியது, காம்போரம் வெடித்தது, கறை விழுந்தது என்று ஐந்தாறு கிலோ கழியும். 6 கிலோ போனால் விற்கத் தகுந்தது 54 கிலோதான். 1,500-ஐ 54-ஆல் வகுங்கள், 27 ரூபாய் 80 காசு வரும். அதுதான் உங்கள் அசல் விலை. (பெட்டியை எடை போட்டும் பாருங்கள். சில நாள் 14 கிலோதான் இருக்கும். அன்றைக்கு அசல் இன்னும் ஏறும்.)

இனி ரவுண்டு செய்வதற்கு வருவோம். 3 கிலோ 100 என்றால் கிலோ 33.33, அதில் நமக்கு நிற்பது ஐந்தரை ரூபாய். ஒற்றைக் கிலோவை 30-க்குக் கொடுத்தால் நிற்பது 2 ரூபாய் 20 காசு. வாங்குகிறவருக்கு விலை பத்தில் ஒரு பங்குதான் குறைந்தது. நமக்கோ லாபத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. 35-க்குக் கொடுத்தால் 7 ரூபாய் 20 காசு. ரவுண்டு செய்யும் காசை விற்கும் விலையோடு ஒப்பிட்டால் சின்னதாகத்தான் தெரியும். மிஞ்சும் ஐந்தரை ரூபாயோடு ஒப்பிட்டுப் பாருங்கள், அப்போதுதான் அதன் கனம் புரியும்.

தட்டில் நடக்கும் ரவுண்டு இன்னொன்று இருக்கிறது. தக்காளியை வெட்டிப் போட முடியாது. 960 கிராமில் முள் நின்றால் இன்னொரு பழம் வைப்போம், 1,030 காட்டும். அதைத் திருப்பி எடுக்க நமக்கும் மனசு வராது, எதிரே நிற்கிறவரும் விடமாட்டார். ஒரு வாரம் குறித்து வைத்துப் பார்த்தேன், எங்கள் கடையில் ஒரு நிறுவைக்குச் சராசரி 40 கிராம் கூடுதலாகப் போகிறது. காசாக 1 ரூபாய் 10. ஒரே ஆள் 3 கிலோ வாங்கினால் இந்த 40 கிராம் ஒரு தடவைதான் போகும். மூன்று பேர் ஒவ்வொரு கிலோ வாங்கினால் மூன்று தடவை. "மொத்தமா வாங்குறவங்களுக்குக் குறைச்சுத் தர்றீங்க, எங்களுக்கு மட்டும் ஏன் 35?" என்று கேட்டால் இதைத் தயங்காமல் சொல்லலாம். அது நியாயமான வித்தியாசம். 30-க்கு விற்றிருந்தால் அந்த 2.20-லும் பாதி இந்தக் கூடுதலிலேயே கரைந்திருக்கும்.

ஒரு முழு நாளைப் பாருங்கள். 12 பேர் மூன்று மூன்று கிலோ, 10 பேர் ஒரு கிலோ, 16 பேர் அரைக் கிலோ. மொத்தம் 54 கிலோ. 35, 20 என்று விற்றால் 1,200, 350, 320 சேர்ந்து 1,870 ரூபாய். ஆனால் 38 தடவை நிறுத்ததில் ஒன்றரை கிலோ கூடுதலாகப் போயிருக்கும், கடைசி மூன்று அரைக் கிலோக்காரர்களுக்குச் சரக்கு இருக்காது. 60 ரூபாய் கழித்தால் 1,810. அசல் போக 310. அதே கூட்டத்துக்கு 30, 15 என்று கொடுத்திருந்தால் 1,740 வந்து, அதிலும் 45 குறைந்து 1,695 நிற்கும். அசல் போக 195. வித்தியாசம் 115 ரூபாய். நாள் முழுக்க வெயிலில் நின்று 195 ரூபாய் எடுத்துப் போவதற்கு மனம் ஆறாது.

சில்லறைக்காக 30 ஆக்குகிறோம் என்பார்கள். 25 காசும் அதற்குக் கீழே உள்ள நாணயங்களும் 2011 ஜூன் 30-ஓடு செல்லாமல் போயின. 50 காசு சட்டப்படி செல்லும், ஆனால் சந்தையில் யாரும் வாங்கமாட்டார்கள். அதனால் 33.33 என்ற விலையை நோட்டிலும் நாணயத்திலும் கொடுக்கவே முடியாது, எங்கேயாவது ரவுண்டு செய்துதான் ஆக வேண்டும். 35 என்றால் ஐந்து ரூபாய் நாணயத்தோடு முடியும். க்யூஆர் வந்த பிறகு வேறு ஒரு சிக்கல். நாம் அடுத்தவருக்கு நிறுத்துக்கொண்டிருக்கும்போது வாங்கினவரே மனக்கணக்குப் போட்டு 33 என்று அடித்து அனுப்பிவிடுவார். பையைக் கையில் கொடுக்கும் முன் "முப்பத்தஞ்சு" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். இரண்டு கிலோ கேட்டால் 70. "மூணு நூறுன்னா ரெண்டு 66 தானே?" என்பவர்களுக்கு அம்மா சொல்வது: "நூறு ரூபா விலை மூணுக்குத்தான்மா, இன்னொரு கிலோ போட்டுக்கோங்க." பாதிப் பேர் போட்டுக்கொள்வார்கள்.

அடுத்து, நூறு என்ற எண்ணை அசைக்க முடியாது என்பதால் வரும் பிரச்சினை. பெட்டி 30 ரூபாய் ஏறி 360 ஆனால் அசல் கிலோ 30 ஆகும், மூன்று கிலோவில் நிற்பது 10 ரூபாய்தான். 390 ஆனால் மூணு ரூபாய் சொச்சம். "3 கிலோ 110" என்று அட்டை எழுதினால் ஆள் நிற்காது, நூறு ரூபாய் நோட்டு ஒன்றோடு வியாபாரம் முடிய வேண்டும். அப்போது மாற்ற வேண்டியது கிலோவைத்தான். "இரண்டரை கிலோ 100" என்று போடுவோம். ஆனால் அது கிலோ 40, ஒரே தாவலில் ஐந்தில் ஒரு பங்கு விலையேற்றம். அதனால்தான் கடைக்காரர்கள் மாற்றத் தயங்கித் தயங்கி இரண்டு மூன்று நாள் லாபமே இல்லாமல் ஓட்டுகிறார்கள்.

எங்களுக்கு அந்த எல்லை பெட்டி 360. அதைத் தாண்டினால் காலையிலேயே அட்டை மாறிவிடும், மதியத்தில் மாற்றினால் காலையில் வாங்கினவர் வந்து கேட்பார். விலை இறங்கும்போது அவசரப்படுவதில்லை. பெட்டி 300 ஆனாலும் அட்டை 3 கிலோ 100-தான், அந்த நாட்களில் வருவதுதான் 360-இல் விற்ற நாட்களை ஈடுகட்டுகிறது. பக்கத்துக் கடை மூன்றரை என்று எழுதும் வரை நாங்கள் மாற்றுவதில்லை. உங்கள் கழிவும் கூலியும் வேறாக இருக்கும். 3 கிலோவின் அசல் எந்தப் பெட்டி விலையில் 90 ரூபாயைத் தொடுகிறது என்று ஒருமுறை போட்டு, கல்லாப்பெட்டி மூடியின் உள்பக்கம் எழுதி வையுங்கள்.