பதிவேட்டில் இரண்டு தேதிகள்: எது நூல் வந்த நாள்?

கேள்வி: கோத்தகிரி அருகே எங்கள் ஊர் வாசகசாலையின் பழைய சேர்க்கைப் பதிவேட்டைக் கைபேசியில் படமெடுத்து, ஒரு தட்டச்சு நிலையத்தில் வரிக்கு இவ்வளவு என்று பேசிக் கொடுத்தோம். சேர்க்கை எண், நூல் பெயர், ஆசிரியர், நூல் வந்த தேதி ஆகிய நான்கை மட்டும் எக்செல் கோப்பில் ஏற்றித் தரச் சொன்னோம். வந்த கோப்பில் தேதிகள் முன்னும் பின்னுமாக இருக்கின்றன. பாதித் தொகை பாக்கி. கொடுத்துவிடலாமா?

பதில்: இப்போது கொடுக்க வேண்டாம். நீங்கள் அனுப்பிய ஒரு பக்கத்தின் படத்தையும் கோப்பையும் வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்தேன். எழுத்துப் பிழைகள் குறைவுதான். பதிவேடு எழுதப்பட்ட முறை புரியாமல் தட்டச்சு செய்ததே சிக்கலுக்குக் காரணம்.

சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு நூலுக்கான வரி, விரித்த இரண்டு பக்கங்களிலும் நீண்டு செல்லும். உங்கள் பதிவேட்டின் இடப்பக்கத்தில் நூல் வந்த தேதி, சேர்க்கை எண், ஆசிரியர், நூல் பெயர் ஆகியவையும், வலப்பக்கத்தில் விற்பனையாளர், பில் எண், பில் தேதி, விலை ஆகியவையும் உள்ளன. 1412ஆம் எண்ணுக்கு நேரே 12-8-86 என்று முழுமையாக எழுதிய நூலகர், அதன் கீழே 1419 வரை மேற்படிக் குறியாகிய ௸ மட்டும் இட்டிருக்கிறார். அக்குறியை அறியாத தட்டச்சர், அதே வரியில் எண்ணாகக் கண்ணில் பட்ட 28-7-86 என்பதை எடுத்துக்கொண்டார். அது பில் தேதி. கடைக்காரர் ஜூலையில் பில் போட்ட நூல்கள் ஆகஸ்டில் மலையேறி வந்திருக்கின்றன. பதிவேட்டில் சேர்க்கை எண் ஏற ஏற வந்த தேதி அப்படியே நிற்கும் அல்லது முன்னே செல்லும், பின்னே போகாது. ஆகவே தேதி பின்வாங்கும் வரி ஒவ்வொன்றையும் படத்தோடு ஒப்பிட வேண்டும்.

இரண்டாவது பிழை கண்ணுக்கு எளிதில் தெரியாது. அவர்களுடைய கணினியில் மாதம் முதலில் வரும் அமைப்பு இருந்ததால், 12-8-86 என்பது டிசம்பர் 8 ஆகவும், 1420ஆம் எண்ணுக்குரிய 3-9-86 என்பது மார்ச் 9 ஆகவும் பதிவாகியுள்ளன. 28ஆவது மாதம் இல்லாததால் 28-7-86 மட்டும் வெறும் எழுத்தாகக் கட்டத்தின் இடப்புறம் ஒட்டி நிற்கிறது. மற்றவை வலப்புறம் நிற்கின்றன. ஒரே பத்தியில் சில இடமும் சில வலமுமாக நின்றால், இந்தக் குழப்பம் நேர்ந்திருக்கிறது என்று கொள்ளலாம். தேதிப் பத்தியை முதலில் Text என்று மாற்றிவிட்டு, 1986-08-12 என்று ஆண்டை முழுமையாக முதலில் எழுதச் சொல்லுங்கள்.

எண்ணிக்கையிலும் குறை உண்டு. அந்தப் பக்கம் 1412இல் தொடங்கி 1431இல் முடிகிறது. ஆக 20 எண்கள் வர வேண்டும், கோப்பில் இருப்பவையோ 18 வரிகள். ஒரே நூலின் மூன்று படிகளை நூலகர் 1415–1417 என்று ஒரே வரியில் எழுதியிருக்கிறார், அவர்களும் ஒரே வரியாகவே ஏற்றிவிட்டார்கள். ஒவ்வொரு படிக்கும் தனி எண் என்பதால் இதை மூன்று வரிகளாகப் பிரித்தாக வேண்டும். வரிக்குக் கூலி என்று பேசியதால் இந்தக் கூடுதல் வரிகளுக்குப் பணம் கேட்பது அவர்களது உரிமை, அதைக் கொடுத்துவிடுங்கள். தேதிப் பிழையைத் திருத்தக் கூலி கேட்டால் மறுக்கலாம், ஏனெனில் வந்த தேதி வேண்டும் என்று நீங்கள் தெளிவாகச் சொல்லியிருக்கிறீர்கள்.

திருத்தத்துக்கு அனுப்பும்போது ௸ வரும் இடமெல்லாம் மேல்வரியில் உள்ளதை முழுமையாக நிரப்ப வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். பக்கத்தின் முதல் வரியிலேயே ௸ இருந்தால் அது முந்தைய பக்கத்தின் கடைசி வரியைக் குறிக்கும். அதனால் படங்கள் பக்க வரிசையில் இருக்க வேண்டும். ஐந்தாவதாக ஒரு பத்தியில் பட எண்ணையும், படிக்க இயலாத இடத்தையும் குறிக்கச் செய்யுங்கள். ஊகித்து நிரப்பிய ஆசிரியர் பெயரைவிடக் காலிக் கட்டம் எவ்வளவோ மேல், காலியானதைப் பின்னர் நூலையே எடுத்துப் பார்த்து நிரப்பிவிடலாம்.

நடு மடிப்பில் வரிகள் வளைந்து ஒன்றோடொன்று கலந்திருக்கும் படங்களை நீங்கள்தான் மீண்டும் எடுத்துத் தர வேண்டும். இடப்பக்கத்தை மட்டும் தட்டையாக அழுத்தி, பனிமூட்டமுள்ள காலையில் ஜன்னலோரம் வைத்து எடுத்தால் நிழலே விழாது, ஃபிளாஷ் வேண்டாம்.

திருத்தித் தர மறுத்தால் பிழைப் பட்டியலோடு எழுத்து மூலம் கேளுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால், இது சேவைக் குறைபாடு என்று 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாக இருந்தால் 2 ஆண்டுகளுக்குள் போக வேண்டும். கொடுத்த முன்பணத்தின் ரசீதையும், நான்கு தகவல்களையும் கேட்டு நீங்கள் அனுப்பிய செய்தியையும் அழித்துவிடாதீர்கள்.