பைப் ஜாயிண்ட் ஒழுகல்: வாசகர் கேள்விகள்

மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் ஒரு இஞ்ச் பிவிசி பைப்பில், எல்போ ஒழுகுகிறது. பிளம்பர் இரண்டு முறை மேலே சொல்யூஷன் தடவிவிட்டுப் போனார். இரண்டே நாளில் மறுபடி சொட்டுகிறது. ஏன்? (வியாசர்பாடி வாசகி)

சொல்யூஷன் என்பது பசை அல்ல, அம்மா. பைப்பின் மேற்பரப்பையும் எல்போவின் உள்பரப்பையும் இளக்கி இரண்டையும் ஒன்றாக்குகிற திரவம் அது. ஒட்ட வேண்டிய இடம் உள்ளே இருக்கிறது. வெளியே எத்தனை தடவினாலும் அங்கே போய்ச் சேராது.

எல்போவின் வாய் உள்ளே போகப் போகச் சற்றே குறுகும். அதனால் சொல்யூஷன் தடவிச் செருகிய பைப்பை உடனே கைவிட்டால், அது தானாகக் கொஞ்சம் பின்னால் நழுவும். உங்கள் வீட்டிலும் இதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். எல்போவை அறுத்து எடுத்ததும் நீளவாக்கில் பிளந்து பாருங்கள். பைப் அடிவரை போகாமல் பாதியில் நின்றிருந்தால் காரணம் அதுவே.

நிரந்தர வழி, எல்போவை வெட்டி எறிவதுதான். இரு பக்கமும் நாலு விரல் தள்ளி ஹாக்ஸா பிளேடால் நேராக அறுங்கள். பிசிறைச் சுரண்டிவிட்டு, துடைத்துக் காயவிடுங்கள். புது எல்போ, இரண்டு துண்டு பைப், இரண்டு கப்ளிங் தேவை. எல்போவின் ஆழத்தைப் பைப்பில் பென்சிலால் குறித்து, இரண்டு பரப்பிலும் சொல்யூஷன் தடவி, கால் சுற்று திருகியபடி குறி மறையும்வரை தள்ளி, அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். கடைசி கப்ளிங்கைச் செருகப் பைப் கொஞ்சம் அசைய வேண்டும். அதற்குச் சுவர் கிளாம்பைக் கழற்றிக்கொள்ளுங்கள். அப்படியும் அசையாவிட்டால் அந்த இடத்தில் யூனியன் போடுங்கள்.

வால்வை மூடியும் பைப்பில் சொட்டு நிற்கவில்லை. எப்படி ஒட்டுவது? (தண்டையார்பேட்டை)

ஈரத்தில் ஒட்டவே ஒட்டாதீர்கள். பழைய கேட் வால்வு முழுக்க மூடாது. தொட்டியைக் காலி செய்வதே நல்லது. முடியாதபோது, ஓரம் நீக்கிய பிரெட்டை உருட்டிப் பைப்புக்குள் திணிப்பேன். சில நிமிடம் தண்ணீரைத் தடுக்கும், பிறகு கரைந்துவிடும். ஒட்டிக் காய்ந்தபின் முதல்முறை தண்ணீர் விடும்போது, குழாய் முனையின் சல்லடையைக் கழற்றிவிட்டுத் திறந்துவிடுங்கள்.

நான்கு குடித்தனத்துக்கு ஒரே தொட்டி. ஞாயிறுவரை சமாளிக்க வேண்டும். எம்-சீல் வைத்தேன், உரிந்துவிட்டது. (ராயபுரம்)

சொட்டும் ஈரத்தின் மேல் வைத்திருப்பீர்கள். பழைய சைக்கிள் டியூபை இரண்டு விரல் அகலத்துக்கு நாடாவாக வெட்டுங்கள். ஒழுகும் இடத்துக்கு முன்னிருந்தே நன்றாக இழுத்து, ஒன்றின்மேல் பாதி ஏறும்படி நாலைந்து சுற்று சுற்றி, கம்பியால் இறுக்குங்கள். டேங்க் லைனுக்கு இது சில நாள் தாங்கும். மோட்டார் ஏற்றும் லைனில் அழுத்தமும் அதிர்வும் அதிகம், அங்கே நம்ப வேண்டாம்.

ஞாயிறு ஒட்டியபின் ஒரு நாள் முழுக்கக் காயவிட்டுத் தண்ணீர் திறப்பதே பாதுகாப்பு. நான்கு வீட்டிலும் முந்தின இரவே குடம் நிரப்பச் சொல்லிவிடுங்கள்.

வெந்நீர் லைன் பழுப்பு வெள்ளைப் பைப். அதே சொல்யூஷன் போதுமா? (பெரம்பூர்)

போதாது. அது சிபிவிசி. அதற்கென்று உள்ள சொல்யூஷன் டின்னையே கேட்டு வாங்குங்கள்.