ஃபோலிக் மாத்திரை போட்டும் கால் மரத்துப்போவது ஏன்?

"கடலூர். அப்பா தினமும் பாண்டி சாராயம். ரத்தசோகை, சிவப்பணுவின் சராசரி அளவைக் காட்டும் எம்.சி.வி. 114. ஃபோலிக் அமிலம் 5 மி.கி. போட்டு ரத்தம் ஏறியது. ஆனால் பாதம் மரத்துப்போகிறது. ஏன்?"

முதலில் பி12 பாருங்கள். குடிப்பவருக்குச் சாப்பாடு குறையும், குடலும் ஃபோலிக் அமிலத்தின் உணவு வடிவமான ஃபோலேட்டைச் சரியாக உறிஞ்சாது. ஈரலில் உள்ள இருப்பு சில மாதங்களில் தீர்ந்துவிடும். பி12 இருப்போ வருடக்கணக்கில் தாங்கும்.

இரண்டில் எது குறைந்தாலும் சிவப்பணு அளவில் பெரிதாகும், எம்.சி.வி.யை வைத்துப் பிரிக்க முடியாது. சிக்கலே இங்குதான்: பி12 குறைந்தவருக்கும் ஃபோலிக் அமிலம் ரத்தத்தை ஏற்றிவிடும், நரம்புச் சேதம் மட்டும் சத்தமில்லாமல் தொடரும். பி12 எல்லைக்கோட்டில் வந்தால் மெத்தில்மலோனிக் அமிலப் பரிசோதனை கேளுங்கள்; பி12 குறைந்தால் அது ஏறும், ஃபோலேட் குறைவில் ஏறாது.

பி12 சரியாக இருந்தால் குடியே நரம்பைக் கெடுத்திருக்கலாம். பி1 வைட்டமினான தயமின் பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள்.