அரசு சம்பளம் கொடுக்கும் ஆகாசவாணியும் தூர்தர்ஷனும் அரசுக்கு ஜால்ரா போடாமல் எப்படி இருக்கும்? பேசாமல் இழுத்து மூடிவிட்டால் என்ன?

ஜால்ரா என்ற சொல்லைப் பார்த்ததும்தான் எழுத உட்கார்ந்தேன். நீங்கள் ஏதோ பெரிய நகரத்தில் இருக்கிறீர்கள், வானொலி கேட்டே பல வருஷம் ஆகியிருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். நான் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரைக்காரன். தென் தமிழகத்தில் ஓர் அரசு வானொலி நிலையத்தில் பல ஆண்டுகள் கேஷுவல் அறிவிப்பாளராக, அதாவது கூப்பிடும் நாளுக்கு மட்டும் வேலை பார்க்கிறவனாக இருந்தவன். எந்த நிலையம் என்று கேட்க வேண்டாம். எந்தக் கட்சியிலும் நான் இல்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கமெண்டில் வந்து சாயம் பூசுவார்கள்.

உங்கள் கேள்வியில் பாதி சரி. ஆனால் மேலேயிருந்து அமைச்சர் போன் போட்டு 'இதைச் சொல், அதைச் சொல்லாதே' என்று மிரட்டுவதாக நீங்கள் நினைத்தால், என் அனுபவத்தில் அப்படி ஒரு போன்கூட வந்ததில்லை. வராமலே வேலை நடந்துவிடும்.

எங்கள் பக்கம் ஆனி ஆடி வந்தால் கடல் ஏறி வரும். கரையோர வீடுகளின் பின்சுவர் போகும், சாலை போகும். தூண்டில் வளைவு கட்டித் தாருங்கள் என்று ஊர் ஊராகக் கேட்பார்கள். தெரியாதவர்களுக்காக: கரையிலிருந்து கடலுக்குள் கல்லைக் கொட்டி நீட்டிக் கட்டுவது, அலையின் வேகத்தைக் குறைத்து மணலைப் பிடித்து வைக்கும். அப்படி ஒரு ஆடியில் குளச்சலுக்கு மேற்கே ஒரு கிராமத்து மக்கள் தூண்டில் வளைவு கேட்டுக் கடற்கரைச் சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். மதியத்திலிருந்து பேருந்து இல்லை. அன்று மாலை ஒலிபரப்பு எனக்கு. உள்ளூர்த் தகவல்கள் சொல்லும் நேரத்துக்காக, 'சாலை மறியல் காரணமாகப் பேருந்துகள் மாற்றுப் பாதையில் செல்கின்றன' என்று ஒரு வரி எழுதி டியூட்டி ஆபீசரிடம் காட்டினேன். அவர் நல்ல மனிதர், என்மேல் பிரியம் உள்ளவர். சிவப்புப் பேனாவை எடுத்து முதல் மூன்று சொற்களை அடித்துவிட்டு, மிச்சத்தை வாசிக்கச் சொன்னார்.

"சார், நடந்ததைத்தானே எழுதியிருக்கேன்" என்றேன்.

"நடந்ததுதான் தம்பி. யாரு சொல்லிப் போட்டீங்கன்னு மேலேர்ந்து கேட்டா நான் என்ன எழுதுறது? கலெக்டர் ஆபீஸ்லேர்ந்து பேப்பர் வந்துச்சா?"

வாசித்தேன். ராத்திரி வீட்டுக்குப் போனதும் அம்மா, "ஏன் மக்கா, பஸ்சு ஏன் சுத்திப் போவுதுன்னு ஊருக்கே தெரியும். ஒங்க ரேடியோவுக்கு மட்டும் தெரியாதா?" என்றாள். மறுநாள் கலெக்டர் அலுவலகத்திலிருந்து செய்திக்குறிப்பு வந்தது: அதிகாரிகளின் பேச்சுவார்த்தையில் உடன்பாடு, பொதுமக்கள் கலைந்து சென்றனர். அதை முழுதாக ஒலிபரப்பினோம். போராட்டம் தொடங்கியதைச் சொல்லாத வானொலி, முடிந்ததை மட்டும் சொன்னது.

இதற்குச் சட்டம் காரணமா என்றால், இல்லை. ஆகாசவாணியையும் தூர்தர்ஷனையும் நடத்தும் நிறுவனம் பிரசார் பாரதி. 1990இல் நிறைவேறி 1997இல் நடைமுறைக்கு வந்த பிரசார் பாரதி சட்டத்தை எடுத்துப் பாருங்கள். 23ஆம் பிரிவு சுவாரசியமானது. நாட்டின் ஒருமைப்பாடு, பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக, ஒரு விஷயத்தை ஒலிபரப்பாதே என்றோ ஒலிபரப்பு என்றோ மத்திய அரசு உத்தரவிடலாம். ஆனால் அந்த உத்தரவின் நகலை நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் வைக்க வேண்டும். அதோடு, உத்தரவின்பேரில் ஒன்றை ஒலிபரப்பும்போது, 'இது அரசின் உத்தரவின்பேரில் ஒலிபரப்பாகிறது' என்று பிரசார் பாரதி விரும்பினால் சேர்த்தே அறிவிக்கலாம். அதாவது தலையிடுவதானால் எல்லோருக்கும் தெரியும்படி தலையிடு என்கிறது சட்டம். நல்ல ஏற்பாடுதானே? ஆனால் சிவப்புப் பேனா நிலையத்துக்குள்ளேயே இருக்கும்போது எழுத்தில் உத்தரவு போட வேண்டிய அவசியம் யாருக்கு வரும்?

அந்தப் பேனாவுக்கு மை எங்கிருந்து வருகிறது என்பதுதான் விஷயம். 2012இல் இந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். 2007 அக்டோபர் 5 வரை வேலையில் சேர்ந்தவர்கள் எல்லாரும் மத்திய அரசு ஊழியர்கள், பிரசார் பாரதிக்கு அயல்பணியில் இருப்பதாகக் கணக்கு. சம்பளம் மத்திய அரசு தரும் மானியத்திலிருந்து. அந்த மானியம் ஒவ்வோர் ஆண்டும் பட்ஜெட்டில், தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் கணக்கு வழியாக வருகிறது. சொந்த வருமானமும் உண்டு. தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவையான டிடி ஃப்ரீ டிஷ்ஷில் இடம் பிடிக்கத் தனியார் சேனல்கள் ஏலத்தில் கட்டும் பணம் அதில் பெரியது. ஆனால் சம்பளச் செலவை அது தாங்காது. ஆக, அடுத்த வருஷப் பணம் யார் கையெழுத்தில் வரும் என்று எல்லாருக்கும் தெரியும். என் டியூட்டி ஆபீசரை அன்று யாரும் மிரட்டவில்லை. பணியிட மாற்றமும் விளக்கக் கடிதமும் எந்தத் திசையிலிருந்து வரும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

கேட்பவர்களே பணம் கொடுத்தால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். நம்மிடமும் அது இருந்தது. அப்பா வருஷம் 15 ரூபாய் தபால் ஆபீசில் கட்டி ரேடியோ லைசென்ஸ் புத்தகத்தில் முத்திரை வாங்கி வருவார், அந்தப் புத்தகம் ரேஷன் கார்டோடு பெட்டியில் இருக்கும். 1980களில் அதை எடுத்துவிட்டார்கள். ஆனால் அப்போது வானொலி ஓர் அரசுத் துறை. கேட்பவர் கட்டிய பணம் அரசுக் கருவூலத்துக்குத்தான் போனது. 1975 நெருக்கடி நிலையில் வானொலி எப்படி இருந்தது என்று பெரியவர்களிடம் கேளுங்கள், அப்போதும் லைசென்ஸ் கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். பிபிசிக்கு உரிமக் கட்டணம் இருக்கிறது என்பார்கள். அந்தத் தொகையை முடிவு செய்வது பிரிட்டிஷ் அரசு. 2022 ஜனவரியில் இரண்டு வருஷத்துக்கு 159 பவுண்டிலேயே நிறுத்தி வைப்பதாக அறிவித்தார்கள். விலைவாசி ஏறிய காலத்தில் அது வெட்டுக்குச் சமம். யார் கட்டுகிறார்கள் என்பதைவிட, எவ்வளவு என்று யார் முடிவு செய்கிறார்கள் என்பதுதான் முக்கியம்.

இதில் ஜெர்மனிக்காரர்கள் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. (ஜெர்மனி கதை குமரி மாவட்டத்தில் எதற்கு என்று கேட்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்.) அங்கே வீட்டுக்கு ஒரு கட்டணம், டிவி இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஒலிபரப்பு நிறுவனங்கள் தங்களுக்கு எவ்வளவு தேவை என்று கணக்குக் கொடுக்கும். அரசுக்குக் கட்டுப்படாத ஒரு நிபுணர் குழு அதைச் சரிபார்த்துத் தொகையைச் சொல்லும். மாநிலச் சட்டமன்றங்கள் எல்லாம் ஒப்புக்கொண்டால் அமலாகும். நிகழ்ச்சி பிடிக்கவில்லை என்று பணத்தைக் குறைக்க முடியாது. 2020இல் மாதம் 17.50 யூரோவை 18.36 ஆக்க வேண்டும் என்று குழு சொன்னது, கூட்டினால் வெறும் 86 சென்ட். சாக்சனி-அன்ஹால்ட் என்ற ஒரு மாநிலம் மட்டும் மசோதாவைத் திரும்ப எடுத்துக்கொண்டது. ஒரு மாநிலம் நின்றாலும் நாடு முழுக்க நின்றுவிடும். நிறுவனங்கள் அரசியல் சாசன நீதிமன்றத்துக்குப் போயின. 2021இல் தீர்ப்பு வந்தது: ஒலிபரப்புச் சுதந்திரம் என்றால் அதற்கு வேண்டிய பணமும் சேர்ந்ததுதான், தகுந்த காரணம் காட்டாமல் ஒரு மாநிலம் மட்டும் மறுக்க முடியாது, 18.36 உடனே அமல். எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். 2025இலிருந்து 18.94 என்று குழு அடுத்துச் சொன்னதை மாநிலங்கள் நடைமுறைப்படுத்தவில்லை, நிறுவனங்கள் மறுபடி நீதிமன்றம் போயின. ஆனால் சண்டை எல்லாரும் பார்க்க நடக்கிறது, டியூட்டி ரூமில் நடப்பதில்லை.

நம் ஊரில் வீட்டுக்கு வீடு கட்டணம் என்றால் எந்தக் கட்சியும் கையெழுத்துப் போடாது. எனக்குத் தோன்றுவது, நிதிக் குழு மாதிரி ஒன்று. மாநிலங்களுக்கு வரிப் பங்கு எவ்வளவு என்று ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை சொல்கிறார்களே, அதேபோல ஐந்து வருஷப் பணத்தை ஒரு குழு மொத்தமாகச் சொல்லிவிட வேண்டும். இடையில் கூட்டவும் குறைக்கவும் கூடாது. ஆட்களும் பிரசார் பாரதியின் சொந்த ஆட்களாக இருக்க வேண்டும். பிரசார் பாரதியைப் பற்றி ஆராய்ந்த சாம் பித்ரோடா தலைமையிலான குழு 2014இலேயே ஊழியர்கள், நிதி பற்றியெல்லாம் பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்தது. அதே 1990 சட்டத்தில் நாடாளுமன்ற உறுப்பினர்கள் 22 பேர் கொண்ட கண்காணிப்புக் குழுவும், நேயர்களின் புகாரை விசாரிக்க ஒலிபரப்புக் கவுன்சிலும் உண்டு. இரண்டும் இயங்கி நான் பார்த்ததில்லை. அந்தக் கவுன்சில் இருந்திருந்தால் என் அம்மாவின் கேள்வியை ஒரு தபாலில் எழுதிப் போட்டிருப்பேன்.

மூடுவது பற்றி. மூடினால் வானொலியில் செய்தியே இருக்காது, இது உங்களுக்குத் தெரியுமா? தனியார் எஃப்எம் நிலையங்கள் சொந்தமாகச் செய்தி சொல்லக் கூடாது. வேண்டுமானால் ஆகாசவாணியின் செய்தியை அப்படியே வாங்கிப் போடலாம். சமுதாய வானொலிக்கும் அதே நிலைதான். டிவி சேனல்களுக்கும் பத்திரிகைக்கும் இல்லாத தடை இது. முதலில் அதை எடுத்துவிட்டு வந்து மூடுவதைப் பற்றிப் பேசுங்கள். அப்புறம், எங்கள் கடற்கரையில் மீனவர்களுக்கான வானிலை எச்சரிக்கையை விளம்பரத்துக்காகத் தள்ளிவைக்காமல் சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்? ஒக்கி புயலின்போது வானொலி என்ன கிழித்தது என்று கேட்பீர்கள். தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் விசைப்படகுகள் பல நாள் முன்பே போய்விட்டிருந்தன, கரையிலிருந்து எஃப்எம் அலை போகாத தூரத்தில். எஃப்எம் ஏறக்குறைய நேர்கோட்டில் போவது, தொடுவானத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் தேய்ந்துவிடும். மத்திய அலைதான் கடல் மேல் வெகுதூரம் போகும். எஃப்எம் வந்தபின் மத்திய அலையைப் பழசு என்று ஒதுக்குகிறவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

கடைசியாக, 'புக்கிங் கொடுக்கவில்லை, அதனால் எழுதுகிறான்' என்று ஒருவர் கட்டாயம் வருவார். கேஷுவல் ஆட்களுக்கு மாதம் ஆறு புக்கிங்குக்கு மேல் கிடையாது. நிரந்தரம் கேட்டு வழக்குப் போட்டுவிடுவோமோ என்ற பயம். பண்டிகை, புயல் என்றால் மட்டும் எங்கள் போன் அடிக்கும். பிறகு ஒருநாள், இத்தனை வருஷம் வாசித்த எங்களையே மறுபடி குரல் தேர்வுக்கு வரச் சொன்னார்கள். நான் போகவில்லை. எனக்கு வர வேண்டிய பில் ஒன்று இன்னும் எங்கோ ஒரு மேஜையில் கிடக்கிறது, அதற்கும் இந்தப் பதிலுக்கும் சம்பந்தமில்லை.