நகைக்கடன் வட்டியில் 77 ரூபாய் எங்கிருந்து வந்தது?

கேள்வி: வங்கியில் நகையை வைத்து ஜூலை 3-ம் தேதி 2 லட்சம் வாங்கினேன். ஆண்டு வட்டி 12 சதவீதம். செப்டம்பர் 3-ம் தேதி மீட்கப் போனேன். இரண்டு மாதத்துக்கு 4,000 என்று கையில் எடுத்துப் போனால் 4,077 கேட்டார்கள். பக்கத்து வீட்டு ஆச்சி கணக்குப் போட்டாலும் 4,000தான் வருகிறது. ஏமாற்றுகிறார்களா?
– வாசகி, தேவகோட்டை

பதில்: இல்லை. ஆச்சியும் தப்பாகப் போடவில்லை. அவர் போட்டது நம் ஊர் ‘ஒரு வட்டி’க் கணக்கு: நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய். அதில் எல்லா மாதமும் ஒரே நீளம். (தமிழ் மாதத்தில் ஆனிக்கு 32 நாள் வருவதும் உண்டு, மார்கழிக்கு 29 வருவதும் உண்டு, வட்டி மட்டும் மாறாது.) வங்கி நாட்களை எண்ணியிருக்கிறது. ஜூலை, ஆகஸ்ட் இரண்டும் 31 நாள் மாதங்கள் என்பதால் உங்களுக்கு 62 நாள். 2 லட்சத்துக்கு ஆண்டு வட்டி 24,000. அதை 365-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 65 ரூபாய் 75 காசு. 62 நாளுக்கு 4,077.

இதே கடனை பிப்ரவரி 1-ல் வாங்கி மார்ச் 1-ல் அடைத்திருந்தால் ஆச்சி கணக்கில் 2,000, வங்கிக் கணக்கில் 28 நாளுக்கு 1,841தான். அப்போது யாரும் சண்டைக்குப் போயிருக்க மாட்டோம்!

ரசீதைச் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. கேட்ட வட்டியை அந்த ஒரு நாள் வட்டியால் வகுத்துப் பாருங்கள். 62 வந்தால் சரி. 63 வந்தால் வாங்கிய நாள், அடைத்த நாள் இரண்டையும் சேர்த்து எண்ணிவிட்டார்கள். ஏன் என்று கேளுங்கள். 62.86 என்று பின்னமாக வந்தால் நாட்களை உள்ளபடி எண்ணிவிட்டு, ஆண்டை மட்டும் 360 நாளாக வைத்திருக்கிறார்கள். அப்படிப் போட்டால் வட்டி 4,133 ஆகும். இரண்டு முறையிலும் தங்களுக்கு வசதியான பாதியை எடுத்துக்கொள்வது அது.

ஆனால் நிஜமாகவே பணம் போகும் இடம் வேறு. செப்டம்பர் 5-ல் மீட்டிருந்தால் 64 நாளுக்கு 4,208 ஆகும். 30 நாள் மாதக் கணக்கிலும், இரண்டு மாதமும் இரண்டு நாளும் சேர்த்து 4,133தான். ‘மூன்றாம் மாதம் பிறந்துவிட்டது’ என்று முழு மாத வட்டி போடுகிறவரிடமோ 6,000. இரண்டு நாளுக்காக ஏறக்குறைய 1,800 ரூபாய் கூடுதல். மாத நடுவில் கொடுத்த, அடைத்த கடனுக்கு முழு மாத வட்டி வாங்குவது தவறு என்று ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரலில் வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. அவர்களிடம் கடன் வாங்கியவர் அதைச் சொல்லிக் கேட்கலாம். அடகுக்கடை அந்தச் சுற்றறிக்கைக்குள் வராது. அங்கே நகையை வைக்கும் முன்பே, ‘மாதம் முடிந்து இரண்டு நாள் போனால் நாள் வட்டியா, முழு மாதமா?’ என்று கேட்டு, பதிலை அடகுச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.