மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா?

"அப்பாவுக்குப் பார்க்கின்சன். மதியம் சாப்பாட்டோடு போடும் லெவோடோபா மாத்திரை வேலை செய்வதில்லை. மலச்சிக்கல் வேறு, எடையும் 62 கிலோவிலிருந்து 58 ஆகிவிட்டது. பருப்பு, தயிரை நிறுத்திவிடலாமா?" – மயிலாப்பூர்

நிறுத்த வேண்டாம், நேரத்தை மாற்றிப் பாருங்கள். புரதத்திலிருந்து வரும் சில அமினோ அமிலங்களும் லெவோடோபாவும் குடலிலும் மூளை வாசலிலும் ஒரே வழியில் முண்டியடிக்கின்றன. ஒரு மணிக்குச் சாம்பார் சாதம் என்றால், 12.15-க்கே தண்ணீரோடு மாத்திரை. குமட்டினால் ஒரு ரஸ்க் போதும், பால் வேண்டாம். அப்படியும் மதியம் கால் இழுத்தால், மருத்துவரிடம் கேட்டு சுண்டல், முட்டையை ராத்திரிக்குத் தள்ளலாம். நாள் முழுக்கச் சாப்பிடும் புரதத்தின் மொத்த அளவு குறையக்கூடாது. ஏற்கெனவே 6 சதவீதத்துக்கு மேல் எடை போயிருக்கிறதே! எத்தனை மாதத்தில் குறைந்தது, விழுங்கும்போது புரையேறுகிறதா, கை கால் தானாக ஆடுகிறதா என்று குறித்துக்கொண்டு போங்கள். அப்புறம், மலச்சிக்கலையும் சேர்த்தே கவனியுங்கள்: மலச்சிக்கலோடு இரைப்பையும் மெதுவாகக் காலியாகலாம்; அப்படியானால் மாத்திரையும் குடலுக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேரும்.