90 நாள் நோட்டீஸை 45 ஆகக் குறைக்கக் கேட்கும் கடிதம்

கேள்வி: சென்னையில் ஒரு ஐ.டி. கம்பெனியில் மூன்று வருடமாக இருக்கிறேன். நோட்டீஸ் பீரியட் 90 நாள். புதிய கம்பெனி 45 நாளில் சேரச் சொல்கிறது. மொத்தச் சம்பளம் 90,000 ரூபாய், பேசிக் 40,000. கையை விட்டுப் பணம் போகாமல் வெளியே வர எப்படி எழுதுவது?

பதில்: எழுத உட்காரும் முன் உங்கள் ஆஃபர் லெட்டரில் நோட்டீஸ் பற்றிய பத்தியைப் படியுங்கள். குறையும் நாட்களுக்குப் பேசிக்கைப் பிடிப்பார்களா, மொத்தச் சம்பளத்தையா என்று அதில் இருக்கும். மாதத்தை 30 நாளாகக் கணக்கிட்டால், 45 நாளுக்குப் பேசிக் 60,000 ரூபாய். மொத்தச் சம்பளம் என்றால் 1,35,000. நிர்வாகம் விட்டுக்கொடுக்க வேண்டிய தொகை இது. அதற்கு ஈடாக நீங்கள் தருவது கடிதத்தில் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

பலர் இடறுவது ஒரே சொல்லில். ‘சீக்கிரம் ரிலீவ் செய்யுங்கள்’ என்று மட்டும் எழுதுவார்கள். ஹெச்.ஆரும் சரி என்பார்கள். ஃபைனல் செட்டில்மெண்டில் 45 நாள் சம்பளம் கழிந்திருக்கும். ரிலீவ் செய்வது வேறு, பிடித்தத்தைத் தள்ளுபடி செய்வது வேறு. இரண்டையும் கேளுங்கள்:

“எனது 90 நாள் நோட்டீஸில் 45 நாளை, சம்பளப் பிடித்தம் இல்லாமல், தள்ளுபடி செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். கடைசி வேலை நாள் ஜூன் 14. மே 10-க்குள் மாத பில்லிங் ரிப்போர்ட் தயாரிக்கும் படிகளை எழுதித் தருகிறேன். மே 31-க்குள் எனக்குப் பதிலாக வருபவர் அதை என் முன்னால் ஒருமுறை முழுதாகச் செய்து முடிப்பார். ஜூன் முதல் வாரத்தில் அவரே தனியாகச் செய்வார், நான் சரிபார்ப்பேன்.”

தேதியும் வேலையின் பெயரும் இல்லாத ‘முழு ஒத்துழைப்பு தருவேன்’ எந்த மேனேஜரையும் அசைக்காது. அவருக்குள்ள பயம், நீங்கள் போனபின் மாதக் கடைசியில் ரிப்போர்ட் நின்றுவிடுமே என்பது. மேலே உள்ள மூன்று தேதிகள் அந்தப் பயத்துக்குத்தான் பதில் சொல்கின்றன. பொறுப்பேற்பவர் யார் என்று முதல் வாரத்திலேயே முடிவாக வேண்டும் என்பதையும் எழுதிவிடுங்கள். அது தள்ளிப்போனால் உங்கள் அட்டவணையும் சரியும், பழி உங்கள் மேல் விழும்.

முதலில் மேனேஜரிடம் நேரில் பேசிவிட்டு, அன்றே அவருக்கும் ஹெச்.ஆருக்கும் சேர்த்து மெயில் அனுப்புங்கள். அவர் வாயால் சொன்ன ‘பார்த்துக்கலாம்’ செட்டில்மெண்டில் செல்லாது. புதிய தேதியும் ‘பிடித்தம் இல்லை’ என்ற வரியும் மெயிலில் வந்தபிறகே புதிய கம்பெனிக்குச் சேரும் தேதியை உறுதி செய்யுங்கள்.

முழுத் தள்ளுபடி கிடைக்காவிட்டால், மீதமுள்ள விடுப்பைக் குறையும் நாட்களில் கழிக்கக் கேளுங்கள். 15 நாள் விடுப்பு இருந்து அவர்கள் ஒப்புக்கொண்டால் பிடித்தம் 30 நாளாகக் குறையும்; பேசிக் கணக்கில் 40,000 ரூபாய். அதைப் புதிய கம்பெனி ஈடுகட்டினால், அந்தத் தொகை உங்கள் சம்பளத்தோடு சேர்ந்து வரிக்கு உட்படும். பிடிக்கும் தொகைமேல் ஜி.எஸ்.டி. போட்டிருந்தால் மறுத்துக் கேளுங்கள். நோட்டீஸ் பிடித்தத்துக்கு அது கிடையாது என்று மத்திய மறைமுக வரி வாரியம் 2022 ஆகஸ்ட் சுற்றறிக்கையில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.